இரண்டு மாணவர், ஒரே விடை
(தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சி பெறுவோரிடையே ஆற்றப்பெற்ற உரை)

மூன்றாம் வகுப்பில் கழித்தல் தேர்வு நடைபெறுகிறது. கரும்பலகையில் 52 – 27 என்ற கணக்கு எழுதப்பட்டுள்ளது. வகுப்பின் இரு கோடிகளில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும் 35 என்று விடை எழுதுகின்றனர். சிறுமிக்கு வள்ளி என்றும் சிறுவனுக்கு முத்து என்றும் பெயரிட்டுக் கொள்ளலாம். இருவரும் செய்த பிழையும் ஒன்றே. 2-லிருந்து 7-ஐ எடுக்க வேண்டிய இடத்தில் 7-லிருந்து 2-ஐ எடுத்துவிட்டனர். எந்த எண் மேலே உள்ளது, எந்த எண் கீழே உள்ளது என்று பாராமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் இப்பிழை எல்லா நாட்டுப் பள்ளிகளிலும் காணப்படுவதுதான். தேர்வில் இருவரும் பத்துக்கு மூன்று மதிப்பெண் பெறுகின்றனர். மதிப்பெண் பதிவேட்டில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. ஆதலின் அடுத்த வாரம் இருவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து, ஒரே பாடத்தை மீண்டும் நடத்துவதே பெரும்பாலான பள்ளிகளில் வழக்கம்.

அவ்வாறு நடத்துவதால் ஒருவர் பயன் பெறக்கூடும். மற்றவர் இன்னும் பின்தங்கக்கூடும். ஏன் என்பதை விளக்கும் கருத்தே ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்பது.

இக்கருத்தைத் தந்தவர் ரஷ்ய உளவியலறிஞர் லெவ் வைகாட்ஸ்கி. 1896-இல் பிறந்த அவர், காசநோயால் 1934-இல் தமது 37-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய தலையாய நூலான ‘சிந்தனையும் பேச்சும்’ அவர் மறைந்த அதே ஆண்டில் வெளிவந்தது. 1936-இல் சோவியத் கட்சித் தலைமை, குழந்தையியல் என்ற பெயரில் அந்நாளில் வளர்ந்துவந்த துறையைக் கண்டித்து ஆணை பிறப்பித்தது. அதன்பின் இருபது ஆண்டுக்காலம் அவர் எழுத்துகள் முடங்கிக் கிடந்தன. ஆங்கிலம் அறிந்த உலகம் அவரை ஓரளவு அறிந்தது 1962-இல். பரவலாக அறிந்தது 1978-க்குப் பின்னரே.

வைகாட்ஸ்கி எழுப்பிய வினா எளியது. இரு குழந்தைகளைச் சோதித்துப் பார்த்ததில், இருவருடைய மன வயதும் எட்டு எனத் தெரிகிறது. சோதனை அத்துடன் முடிந்துவிடுகிறதா? முடியவில்லை என்றார் அவர். இருவருக்கும் வயதுக்கு மீறிய கணக்குகளைக் கொடுத்து, சிறிது உதவியும் செய்து பார்க்க வேண்டும். ஒரு குறிப்பு, ஒரு துணை வினா, தீர்வின் முதல் அடி, இவை போன்ற உதவிகள். அப்போது ஒரு குழந்தை பன்னிரண்டு வயதினர்க்குரிய கணக்கு வரை எட்டுகிறது; மற்றது ஒன்பது வயதினர்க்குரியதோடு நின்றுவிடுகிறது. தனித்து நிற்கையில் ஒத்திருந்த இருவர், துணையுடன் செயல்படுகையில் ஒத்திருக்கவில்லை. தனித்துச் செய்யக்கூடியதற்கும் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட இத்தொலைவையே அவர் அண்மை வளர்ச்சி மண்டலம் என்று அழைத்தார். துணை புரிபவர் ஆசிரியராகவோ பெற்றோராகவோ தன்னைவிடத் தேர்ந்த சக மாணவராகவோ இருக்கலாம்.

இங்கு ஒரு தவறான கருத்துக்கு இடமுண்டு. உதவி செய்தால் எந்தக் குழந்தையும் எதையும் செய்துவிடும் என்று வைகாட்ஸ்கி கூறவில்லை. எண்கணிதம் அறிந்த ஒருவர் ஒரு கணக்கில் தடுமாறும்போது, பிறர் அதைச் செய்து காட்டினால் உடனே பற்றிக்கொள்வார்; ஆனால் உயர்கணிதமே அறியாதவருக்கு உயர்கணிதத் தீர்வை எத்தனை முறை செய்து காட்டினும் ஓர் அடியும் நகரமாட்டார் என்று அவரே விளக்கியுள்ளார். ஆகவே அம்மண்டலத்திற்கு மேல் எல்லை ஒன்று உண்டு. அந்த எல்லை எங்குள்ளது எனக் கண்டறிவதே ஆசிரியரின் முதல் வேலை. பதிவேடு அதைக் காட்டுவதில்லை. உதவி செய்து பார்த்தால்தான் அது தெரியும்.

வள்ளியிடம் ஆசிரியை செல்கிறார். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையமிட்டுக் கட்டிய கட்டுகளும், தனிக் குச்சிகளும் அவர் கையில் உள்ளன. ஆனால் அவற்றை உடனே வெளியில் எடுப்பதில்லை. “விடையை இன்னொரு தடவை பார்க்கிறாயாம்மா?” என்று மட்டும் கேட்கிறார். வள்ளி பார்க்கிறாள், 35 என்றே சொல்கிறாள். பொதுவான சொல் போதவில்லை. அடுத்து ஆசிரியை குறிப்பான வினா ஒன்றைத் தொடுக்கிறார்: “உன்னிடம் ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் இருக்கின்றன. அதிலிருந்து ஏழு குச்சி எனக்கு வேண்டும். கொடுக்க முடியுமா?” வள்ளி சற்று யோசிக்கிறாள். “இரண்டுதானே இருக்கு டீச்சர்... ஒரு கட்டைப் பிரிக்கணும்” என்கிறாள். சிலேட்டில் 5-ஐ அடித்து 4 என்றும், 2-ஐ அடித்து 12 என்றும் எழுதுகிறாள். 12-லிருந்து 7 போக 5, 4-லிருந்து 2 போக 2, விடை 25. பிறகு, கேளாமலேயே, “அப்போ 35 தப்பு” என்கிறாள். குச்சிகள் வெளியில் வரவே தேவைப்படவில்லை.

முத்துவிடமும் ஆசிரியை அதே வரிசையில்தான் செல்கிறார். மறுபடி பார்க்கச் சொன்னால் அவனும் 35 என்கிறான். இரண்டு குச்சியிலிருந்து ஏழு கொடுக்க முடியுமா எனில், “முடியும் டீச்சர், ஏழிலிருந்து ரெண்டு போனா அஞ்சு” என்கிறான். அவன் காதில் விழுந்தது வேறு கணக்கு. இப்போது ஆசிரியை கட்டுகளையும் குச்சிகளையும் அவன் முன்வைத்து, 52 எடுத்து வைக்கச் சொல்கிறார். அவன் கட்டுகளையெல்லாம் பிரித்துவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என 52 வரை எண்ணி வைக்கிறான். 27-ஐ எடுக்கச் சொன்னதும் ஒவ்வொன்றாக எண்ணி எடுக்கிறான். மீதியை எண்ணி 25 என்கிறான். விடை சரி. ஆனால் சிலேட்டில் இருக்கும் 35-ஐ ஆசிரியை சுட்டிக்காட்டி, “இது என்ன?” என்று கேட்டால், “அது கணக்கு டீச்சர், இது குச்சி” என்கிறான்.

இந்த ஒரு சொல்லில் முத்துவின் நிலை முழுவதும் உள்ளது. ஒரே வினாவுக்கு இரண்டு விடைகள் வந்துள்ளன என்பது அவனை உறுத்தவில்லை. அவனுக்குப் பத்து என்பது ஒரு கட்டாக இன்னும் உருப்பெறவில்லை. 52 என்பதில் உள்ள 5, ஐம்பதைக் குறிக்கிறது என்பதும் புலப்படவில்லை. இந்நிலையில் ஆசிரியையே கட்டைப் பிரித்துக் கொடுத்து, முழுக் கணக்கையும் செய்து காட்டினாலும், அவன் பார்த்து எழுதுவான். அடுத்த கணக்கில் மீண்டும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பான். இரண்டிலக்கக் கழித்தல் வள்ளியின் மண்டலத்திற்குள் உள்ளது. முத்துவின் மண்டலத்திற்கு வெளியில் உள்ளது. இருவருக்கும் இட்ட மதிப்பெண் மூன்றுதான்.

முத்துவுக்கு மண்டலமே இல்லை என்பதன்று. அது வேறிடத்தில் உள்ளது. ஆசிரியை இரண்டு கட்டும் மூன்று குச்சியும் வைத்து “எத்தனை?” என்கிறார். முத்து முதல் கட்டைப் பிரிக்கக் கை நீட்டுகிறான். “பிரிக்காமல் சொல். இந்தக் கட்டில் எத்தனை?” “பத்து.” “இதையும் சேர்த்தால்?” அவன் தயங்கி, “இருபது” என்கிறான், பிறகு தானாகவே “இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, இருபத்துமூணு” என்று குச்சிகளைத் தொட்டுச் சொல்கிறான். அடுத்து மூன்று கட்டும் நான்கு குச்சியும் வைத்தால், பாதி வழியில் ஒரு குறிப்பே அவனுக்குப் போதும். இங்கு உதவி வேர் பிடிக்கிறது. முத்து கற்க வேண்டிய கழித்தலுக்கு வழி இவ்விடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இனி, உதவியின் தன்மையைக் காண வேண்டும். 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மூன்று, நான்கு, ஐந்து வயதுடைய முப்பது குழந்தைகள், ஒன்றோடொன்று பொருந்தும் 21 மரக்கட்டைகளைக் கொண்டு கூம்புக் கோபுரம் ஒன்றை அமைக்க, ஒரு பயிற்றுநர் துணை நின்றார். அவர் செய்த உதவி குழந்தைக்குக் குழந்தை மாறியது. மூன்று வயதினரை வேலையில் ஈடுபடச் செய்வதும் செய்து காட்டுவதுமே பெரும் பணியாயிற்று. நான்கு வயதினர்க்குப் பெரும்பாலும் வாய்ச்சொல்லால் பிழை சுட்டினால் போதுமானதாயிருந்தது. ஐந்து வயதினர், செய்ததைச் சரிதானா என்று உறுதி செய்துகொள்ள மட்டுமே அவரை நாடினர். இவ்வகைத் துணைக்கு அவர்கள் இட்ட பெயரே ‘சாரம் கட்டுதல்’.

சாரம் என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டுவதில்லை. கட்டடம் எழும் இடத்தில் சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்து நிறுத்துவதே அது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாரம் சுவரைத் தாங்குவதில்லை. சுவரைக் கட்டும் கொத்தனாரைத் தாங்குகிறது. வகுப்பறையில் கொத்தனார் மாணவரே. ஆசிரியரே சுவரைக் கட்டிவிட்டு அதற்குச் சாரம் என்று பெயரிடுவது சொல்லைப் பிழைபடப் புரிந்துகொள்வதாகும்.

மேற்கூறிய ஆய்வில் மற்றொரு முடிவு ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படுவது. சரியான தீர்வைத் தாமே செய்ய இயலாத குழந்தைகளும், அதைக் கண்டால் சரியெனக் கண்டுகொண்டனர். கண்டுகொள்ளும் ஆற்றல் செய்யும் ஆற்றலுக்கு முன்னே செல்கிறது. இதுவே ஒரு பாடம் மாணவரின் மண்டலத்துக்குள் உள்ளதா என்று அறியக் கைவசமுள்ள எளிய உரைகல். வள்ளி 25-ஐக் கண்டதும் 35 தவறு என்றாள். முத்து இரண்டையும் கண்டான். இரண்டும் சரியே என்றிருந்தான். செய்து காட்டியதைக் கண்ட மாணவர் தம் பழைய விடையைத் தாமே ஐயுறவில்லையெனில், அங்கு மேலும் செய்து காட்டுவதில் பயனில்லை. ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

உதவியை எவ்வளவு கூட்டுவது, எப்போது குறைப்பது? இதற்கு வுட்டும் அவருடன் பணியாற்றியோரும், தாய்மார் தம் குழந்தைகளுக்குக் கற்பித்த முறையை ஆராய்ந்து, ஐந்து படிகளை வகுத்தனர். வள்ளியிடம் ஆசிரியை கையாண்டது அவற்றுள் முதலிரண்டு: பொதுவான தூண்டுதல், குறிப்பான வாய்மொழிக் குறிப்பு. மூன்றாம் படி, எப்பொருளைக் கையாள வேண்டும் எனச் சுட்டுதல். நான்காம் படி, பொருளை ஆயத்தம் செய்து தந்து கடைசிச் செயலை மாணவர்க்கு விடுதல். ஐந்தாம் படி, முழுவதும் செய்து காட்டுதல். இப்படிகளைக் கையாளும் விதியும் எளியதே. மாணவர் தவறினால் ஒரு படி ஏறுக. வென்றால் அடுத்த முறை ஒரு படி இறங்குக. 1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நான்கு விதமாகக் கற்பித்துப் பார்த்தபோது, இவ்விதியைப் பின்பற்றிக் கற்பிக்கப்பெற்ற குழந்தைகளே பின்னர்த் தனித்துச் செய்வதில் முந்தினர்.

வள்ளியின் கதையைத் தொடர்ந்தால் விதி விளங்கும். முதற் கணக்கில் இரண்டாம் படி உதவி தேவைப்பட்டது, அதனால் வென்றாள். ஆகவே 64 – 38 என்ற கணக்கில் ஆசிரியை, “தொடங்குமுன் ஒன்றின் இடத்தைப் பார்” என்று கூட இல்லாமல், “பார்த்துச் செய்” என்று மட்டும் சொல்கிறார். வள்ளி 26 என்று எழுதுகிறாள். 81 – 46-க்கு ஆசிரியை ஏதும் சொல்லவில்லை. 35 என்ற சரியான விடை வருகிறது. பிறகு 403 – 128 கொடுக்கப்படுகிறது. 3-லிருந்து 8 போகாது என்று வள்ளிக்குத் தெரிகிறது; பக்கத்தில் உள்ள பத்தின் இடத்தில் பூச்சியம் நிற்கிறது. பிரிக்கக் கட்டே இல்லை. அவள் கை நின்றுவிடுகிறது. பொதுச் சொல்லும் குறிப்பும் இங்கு உதவவில்லை. எனவே இப்போதுதான் குச்சிகள் வெளிவருகின்றன. பத்துக் கட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய நூறின் கட்டுகள் நான்கும், தனிக் குச்சி மூன்றும். ஆசிரியை ஒரு நூறின் கட்டைச் சுட்டுகிறார், அவ்வளவே. வள்ளி அதைப் பிரித்தால் பத்துக் கட்டுகள். அவற்றுள் ஒன்றைப் பிரித்தால் பத்துக் குச்சிகள். இப்போது நூறு மூன்று, பத்து ஒன்பது, ஒன்று பதின்மூன்று. விடை 275. மூன்று கணக்குகளுக்கு முன் நீக்கிய சாரத்தை, சுவர் உயர்ந்ததால் மீண்டும் உயர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. உதவி கூடியதைப் பின்னடைவு எனக் கொள்ளலாகாது.

இம்முறை பிழைபடுவதற்கு வழிகள் சில உண்டு. அவற்றுள் கண்டறிவதற்கு மிகக் கடினமானது, வகுப்பு நன்றாக நடப்பது போலத் தோன்றும் பிழை. “ரெண்டுல ஏழு போகாது. அதனால பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும். அஞ்சு இப்ப எத்தனை?” என்று ஆசிரியர் கேட்க, வகுப்பு ஒரே குரலில் “நாலு” என்கிறது. சிந்தித்தவர் ஆசிரியர், மாணவர் சொன்னது கடைசிச் சொல் மட்டுமே. ஒரு வாரம் இவ்வாறு நடந்தால் 52 – 27 போன்ற கணக்குகள் எல்லாம் சரியாக வரவும் கூடும். இது கற்றலா, சடங்கா என்று அறிய ஒரு கணக்கே போதும். கடன் வாங்கத் தேவையில்லாத 58 – 23-ஐ அவற்றினிடையே கலந்து கொடுக்க வேண்டும். சடங்கைக் கற்ற குழந்தை இங்கும் 5-ஐ 4 ஆக்கி, 8-ஐ 18 ஆக்கும். 18-லிருந்து 3 போக 15 என எழுதி, அதன் இடப்பக்கம் 2 எழுதும். விடை 215. 58-லிருந்து எடுத்தபின் 215 எஞ்சுமா என்ற ஐயமும் அதற்கு எழாது. ‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கடன் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது. இங்கு எதுவும் திருப்பிக் கொடுக்கப்படுவதில்லை. ‘கட்டைப் பிரித்தல்’, ‘சில்லறை மாற்றுதல்’ என்பன நிகழ்வதை உள்ளபடி கூறும் சொற்கள்.

இதற்கு நேர்மாறான பிழை, சாரத்தை அகற்றாமல் விட்டுவிடுவது. ஆண்டிறுதியிலும் குச்சி இல்லாமல் கழிக்க மாட்டாத வகுப்புகள் உள்ளன. திடீரென ஒருநாள் குச்சிகளைப் பூட்டி வைப்பதும் தீர்வன்று. முதலில் குச்சிகள் மேசை மேல் துணியால் மூடப்பட்டிருக்கலாம்; மாணவர் என்ன செய்வார் என்பதை வாயால் சொல்லிவிட்டுப் பிறகு துணியை நீக்கிச் சரிபார்க்கலாம். அடுத்து, கட்டுக்கு ஒரு கோடும் குச்சிக்கு ஒரு புள்ளியுமாகச் சிலேட்டில் வரையலாம். அதன்பின் இலக்கங்கள் மட்டும். ஒரு நிலையில் தடுமாறும் மாணவர் முந்திய நிலைக்குச் சிறிது நேரம் திரும்பிச் செல்லலாம்.

நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்ற வினா பயிற்சி ஆசிரியர் மனத்தில் எழுவது இயல்பே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு முப்பது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்று வரையறுத்தது. ஆயினும், பல வகுப்புகளை ஒருவரே ஒரே அறையில் கவனிக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே ஒவ்வொருவர் பக்கத்திலும் அமர்ந்து ஐந்து படி ஏறி இறங்குவது இயலாது. நாளுக்கு ஐவரிடம் மூன்று நிமிடம் வீதம் அமர்வது இயலும். எட்டு வேலை நாளில் நாற்பது பேரும் அடங்குவர். மற்ற நேரத்திற்கு இணை மாணவர் துணை புரியலாம். ஆனால் தேர்ந்த மாணவர் பொதுவாக விடையையே சொல்லிவிடுவார். குழந்தைக்கு அதுவே உதவி. அதைத் தடுக்க ஒரு கட்டுப்பாடு பயன் தரும்: உதவுபவர் பலப்பத்தைத் தொடலாகாது, வினா மட்டும் கேட்கலாம். இணைகளைத் தேர்வதிலும் கவனம் தேவை. மிக உயர்ந்து நிற்பவரையும் முத்துவையும் இணைத்தால், முத்துவுக்கு எங்கே தடை என்பது அவருக்கு விளங்காது. நேற்று அத்தடையைத் தாண்டியவரே நல்ல துணை.

அச்சட்டம் தொடர்ச்சியான முழுமையான மதிப்பீட்டையும் வலியுறுத்துகிறது. பதிவேட்டில் அதற்கென நிரப்பப்படும் கட்டங்கள் பல. அவற்றால் ஆசிரியர்க்குக் கிட்டும் செய்தி சிலவே. சரி, தவறு என்ற குறிகளோடு, எந்தப் படி உதவியால் மாணவர் வென்றார் என்ற ஓர் எண்ணையும் ஆசிரியர் தம் குறிப்பேட்டில் எழுதிவரலாம். முதல் நாளில் வள்ளிக்கு 52 – 27-க்கு நேரே 2 என்ற எண் நிற்கும். முத்துவுக்கு அக்கணக்கின் நேரே 5 என்றும், அதன் பக்கத்தில் ‘நிலைக்கவில்லை’ என்றும் நிற்கும். கட்டுகளை எண்ணுதலுக்கு நேரே 2 நிற்கும். பள்ளியைப் பார்வையிட வரும் அலுவலர், தவறிய மாணவர் எத்தனை பேர் என்று கேட்பதற்குப் பதிலாக இக்குறிப்பேட்டைக் கேட்டால், ஒரே மதிப்பெண் பெற்ற இருவருக்கு ஆசிரியர் ஏன் இருவேறு பாடம் நடத்துகிறார் என்பது அவர்க்கு விளங்கும்.

முத்துவின் வரிசையில், இரண்டு வாரம் கழித்து, கட்டுகளை எண்ணுதலுக்கு நேரே 1 என்றும், பின்பு வெற்றிடமாகவும் குறிப்பு மாறலாம். அன்று ஆசிரியை 52 குச்சி எடுத்து வைக்கச் சொன்னால், அவன் ஐந்து கட்டுகளைப் பிரிக்காமலே எடுத்து வைத்து, இரண்டு குச்சியைப் பக்கத்தில் வைப்பான். ஏழு குச்சி கேட்கப்படும்போது இரண்டைத் தந்துவிட்டுக் கட்டுகளைப் பார்ப்பான். இரண்டிலக்கக் கழித்தலை அவனுக்கு நடத்த வேண்டிய நாள் அதுவே.